‘எப்படி நிறுத்துவது?’ என்று கேட்டால் சந்தா நிற்காது

கேள்வி: இணையவழி மொழிப் பயிற்சித் தளம் ஒன்றில் மாதச் சந்தா கட்டி வந்தேன். மாதாமாதம் 14ஆம் தேதி கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுப்பார்கள். மார்ச் 9 அன்று, “இனி எனக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன். எப்படி நிறுத்துவது?” என்று மின்னஞ்சல் போட்டேன். டிக்கெட் எண்ணோடு ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான். மார்ச் 14 அன்று பணம் போய்விட்டது. வெறுத்துப்போய் அந்தக் கார்டையே முடக்கிவிட்டுப் புதிது வாங்கினேன். ஏப்ரல் 14 அன்று புதுக் கார்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்! அந்த எண்ணை நான் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. இன்று ஏப்ரல் 18. அடுத்த முறை எடுப்பதற்குள் என்ன எழுதினால் நிற்கும்? போன பணம் திரும்புமா?

பதில்: புதுக் கார்டு எண் அவர்களுக்கு எப்படிப் போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதிலிருந்து விளங்கும்.

விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குகள், மாறிய கார்டு விவரத்தை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் ஒரு சேவையை நடத்துகின்றன. கார்டு காலாவதியாகி எண் மாறினாலும், தொலைந்துபோய் மாறினாலும், நீங்கள் கட்டிவரும் சந்தாக்கள் பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் புது எண் தானாகவே வணிகரின் பதிவேட்டுக்குப் போய்விடும். இதில் திருட்டு எதுவும் இல்லை. நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறது, கார்டு மட்டும்தான் மாறியிருக்கிறது.

அதாவது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. சேவைக்கான ஒப்பந்தம் ஒன்று. உங்கள் கணக்கிலிருந்து தொடர்ந்து பணம் எடுக்கலாம் என்ற அனுமதி இன்னொன்று. கார்டை முடக்கினால் இரண்டில் எதுவும் முறையாக முடிவதில்லை. ஒருவேளை பணம் எடுக்க முடியாமல் போயிருந்தாலும் நிறுவனத்தின் கணினி சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப முயன்றிருக்கும். அதன் பிறகு உங்கள் பெயரில் பாக்கி என்று எழுதி வைத்திருக்கும். எழுத்தில் ரத்து செய்யாமல் பணத்தை மட்டும் தடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாக்கியில்தான் போய் மாட்டுகிறார்கள்.

இனி மார்ச் 9 மின்னஞ்சலுக்கு வருவோம். அதைப் படித்த உதவிப் பிரிவு ஊழியருக்கு அது ஒரு சந்தேகம் கேட்கும் கடிதம். “நினைக்கிறேன்” என்ற சொல்லில் முடிவு தெரியவில்லை. “எப்படி நிறுத்துவது?” என்பது வழி கேட்கும் கேள்வி. பதில் சொல்லாமல் விட்டது அவர்கள் தவறுதான். ஆனால் நாளைக்கு இது வங்கியின் தகராறுப் பிரிவுக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர் தேடுவது ஒரே ஒரு வாக்கியத்தை: வாடிக்கையாளர் இன்ன தேதியில் ரத்து செய்தார். உங்கள் மின்னஞ்சலில் அந்த வாக்கியம் இல்லை.

ரத்து மின்னஞ்சலை நிறுவனத்துக்கு எழுதுவதாக நினைக்காமல், உங்களையும் அவர்களையும் தெரியாத அந்த வங்கி ஊழியருக்கு எழுதுவதாக நினைத்து எழுதுங்கள். அவர் முன்கதை படிக்க மாட்டார். யார், எந்தக் கணக்கு, என்றைக்கு, என்ன முடிவு என்பது முதல் பத்தியிலேயே கண்ணில் பட வேண்டும்.

எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பணத்தை உண்மையில் யார் எடுக்கிறார்கள் என்பது. கார்டு ஸ்டேட்மென்டில் ஏப்ரல் 14 வரியை எடுத்துப் பாருங்கள். தளத்தின் பெயரோ அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அவர்களுக்கு எழுதுவது சரி. `APPLE.COM/BILL` என்றோ, `GOOGLE` என்று தொடங்கியோ இருந்தால், சந்தா ஆப் ஸ்டோர் வழியாகப் போகிறது என்று பொருள். அப்படியானால் தளத்துக்கு எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் பயனில்லை, பணம் வாங்கும் பொத்தான் அவர்கள் கையிலேயே இல்லை. உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். செயலியைப் போனிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது. `PAYPAL` என்று இருந்தால், தளத்துக்கு எழுதுவதோடு பேபால் கணக்கின் தானியங்கிக் கட்டணப் பட்டியலிலும் அந்த வணிகரை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, ரத்தை எந்த வழியில் ஏற்கிறார்கள் என்பது. தளத்தின் விதிமுறைகளில் ரத்து பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். எந்த முகவரிக்கு எழுதச் சொல்கிறார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற இரண்டும் அங்கே இருக்கும். கணக்குப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால்தான் செல்லும் என்று எழுதியிருந்தால் அதையும் செய்யுங்கள். முடிந்ததும் வரும் திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுங்கள். பிறகு, “இன்று இத்தனை மணிக்குக் கணக்குப் பக்கத்தில் ரத்து செய்துவிட்டேன்” என்ற வரியைச் சேர்த்து மின்னஞ்சலும் அனுப்புங்கள். பொத்தானை அழுத்தியது அவர்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கும், மின்னஞ்சல் உங்கள் கையிலும் இருக்கும். அந்த விதிமுறைப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். விதிமுறைகள் மாறக்கூடியவை, ரத்து செய்த நாளில் என்ன இருந்தது என்று பிறகு காட்ட வேண்டி வரலாம்.

உங்கள் விஷயத்தில் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம். நிறுவனம் எந்த மொழியில் உங்களோடு பேசுகிறதோ அந்த மொழியிலேயே அனுப்புங்கள்.

> பொருள்: சந்தா ரத்து அறிவிப்பு, ஏப்ரல் 18 – கணக்கு: (பதிவு செய்த மின்னஞ்சல்)
>
> மேற்கண்ட கணக்கின் மாதச் சந்தாவை இன்று, ஏப்ரல் 18 அன்று, இந்த மின்னஞ்சல் மூலம் ரத்து செய்கிறேன். சேவை இன்றோடு முடியட்டும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள்.
>
> என் கார்டிலிருந்து தொடர்ந்து பணம் எடுக்கக் கொடுத்திருந்த அனுமதியையும் இன்றே திரும்பப் பெறுகிறேன். பழைய கார்டின் கடைசி நான்கு எண்கள் ____, புதியதன் கடைசி நான்கு எண்கள் ____. இன்று முதல் இவை எதிலிருந்தும், வேறு எந்த வழியிலும், சந்தாப் பணம் எடுக்க அனுமதி இல்லை.
>
> இடைநிறுத்தம், சலுகை விலை, வேறு திட்டத்துக்கு மாற்றம் எதுவும் வேண்டாம். கணக்கை மட்டும் இப்போது நீக்க வேண்டாம்.
>
> ரத்தான தேதியையும், இனிப் பணம் எடுக்கப்படாது என்பதையும் உறுதி செய்து ஏப்ரல் 22க்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள்.
>
> கணக்கில் உள்ள பெயர்: ____. கடைசியாகப் பணம் எடுத்த நாள்: ஏப்ரல் 14. முந்தைய டிக்கெட் எண்: ____ (மார்ச் 9).

“ரத்து செய்கிறேன்” என்பதுதான் இதில் உயிர். “ரத்து செய்ய விரும்புகிறேன்”, “ரத்து செய்ய உதவுங்கள்” என்று எழுதினால் அது மறுபடியும் வேண்டுகோளாகிவிடும், அவர்கள் சம்மதத்துக்காகக் காத்திருப்பது போலாகும். காரணம் எழுதாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குச் சமாதானம் வரும், சமாதானத்துக்கு நீங்கள் பதில் போடுவீர்கள், தேதி நகர்ந்துகொண்டே போகும்.

“சேவை இன்றோடு முடியட்டும்” என்று எழுதச் சொன்னது உங்களுக்காக மட்டும். ஏப்ரல் மாதப் பணத்தை நீங்கள் திரும்பக் கேட்கப் போகிறீர்கள், எனவே அந்த மாதச் சேவையை வைத்துக்கொள்ளக் கூடாது. பணத் தகராறு எதுவும் இல்லாதவர்கள், கட்டிய காலம் முடியும் வரை பயன்படுத்திக்கொள்ளலாம். அவர்கள் “தானியங்கிப் புதுப்பிப்பை இன்றே நிறுத்துங்கள், கட்டிய காலம் முடியும் நாளோடு சேவை முடியட்டும்” என்று எழுத வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் கட்டிய பணத்துக்கான மீதி நாட்களையும் சேர்த்து நிறுவனம் அன்றே கதவை மூடிவிடலாம்.

கார்டின் கடைசி நான்கு எண்களுக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். முழு எண், பின்பக்க மூன்று எண், கடவுச்சொல் இவற்றைக் கேட்டு யாராவது பதில் போட்டால், அது அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். ரத்து செய்ய இவை எதுவும் தேவையில்லை. மற்றபடி அடையாள விவரங்கள் எல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். “உங்கள் பதிவு மின்னஞ்சல் எது?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், நீங்கள் பதில் போடும் வரை உங்கள் டிக்கெட் ‘வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறது’ என்ற நிலைக்குப் போய்விடும். சில நாளில் தானாகவே மூடப்பட்டும் விடும். மூடியதாகத் தகவல் வந்தால் அந்தத் தகவலுக்கே பதில் போடுங்கள், பல இடங்களில் அது டிக்கெட்டை மீண்டும் திறக்கும்.

கணக்கை நீக்கச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. கணக்கு போனால் ரசீதுகளும் ரத்து நிலையைக் காட்டும் பக்கமும் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். கணக்கு நீக்கமும் சந்தா ரத்தும் வேறு வேறு என்று நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே கணக்கை நீக்கியவர் உள்ளே நுழைந்து நிறுத்தவும் முடியாது, பணம் போவதும் நிற்காது. செய்தி மடலில் கீழே இருக்கும் `Unsubscribe` இணைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அழுத்தினால் விளம்பர மின்னஞ்சல் நிற்கும், பணம் எடுப்பது நிற்காது. சொல்லப்போனால், பணம் எடுக்கப் போகிறோம் என்ற முன்னறிவிப்பும் சேர்ந்து நின்றுவிடக்கூடும்.

அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். தளத்தில் பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால் அடையாளம் சரிபார்க்க முடியவில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். விதிமுறையில் சொன்ன முகவரிக்கும், மார்ச் 9 அன்று தானியங்கிப் பதில் வந்த உதவி முகவரிக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பலாம். `no-reply` என்று தொடங்கும் முகவரிக்கு மட்டும் அனுப்பாதீர்கள், அதை யாரும் படிப்பதில்லை. பழைய கடிதத் தொடரில் பதிலாக எழுதாமல் புதிய தலைப்பில் புதிய மின்னஞ்சலாகவே அனுப்புங்கள். பழைய தொடரில் போனால் அது இன்னமும் ‘சந்தேகம்’ என்ற பிரிவிலேயே கிடக்கும். அதன் பிறகு நீங்கள் அனுப்பும் எல்லாமே இந்தப் புதிய தொடரிலேயே இருக்கட்டும்.

உங்கள் அனுப்பிய பெட்டியில் இருக்கும் பிரதி, நீங்கள் அனுப்பினீர்கள் என்பதை மட்டும் காட்டும். அது அவர்களை எட்டியது என்பதற்குச் சாட்சி, டிக்கெட் எண்ணோடு வரும் தானியங்கிப் பதில்தான். பலரும் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால், நிறுவனமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பெறுகைச் சீட்டு அது. ஒரு மணி நேரத்தில் அது வரவில்லை என்றால் முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். `Mailer-Daemon` அல்லது `Mail Delivery Subsystem` என்ற பெயரில் எதாவது வந்திருந்தால் உங்கள் மின்னஞ்சல் திரும்பிவிட்டது, அந்த முகவரி வேலை செய்யவில்லை. அந்தத் திரும்பிய தகவலையும் சேமித்துக்கொண்டு, தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக அதே வாசகத்தை அனுப்புங்கள்.

சேமிப்பதில் ஒரு நுணுக்கம். திரையைப் படமெடுத்து வைத்தால் போதாது, யாரும் திருத்தியிருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஜிமெயிலில் அந்த மின்னஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் `Download message` என்று இருக்கும். அதை அழுத்தினால் `.eml` கோப்பாக இறங்கும். அனுப்பிய நேரம், செய்திக்கான தனி அடையாள எண் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். உங்கள் மின்னஞ்சலையும் தானியங்கிப் பதிலையும் இப்படி இறக்கி வையுங்கள். வங்கிக்குக் கொடுக்க மட்டும் இரண்டையும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வைத்தால் வசதி.

பதில் வரும்போது எச்சரிக்கையாகப் படியுங்கள். “உங்கள் கோரிக்கையைப் பெற்றோம்” என்பது ரத்து அல்ல. “மூன்று மாதம் இடைநிறுத்தியிருக்கிறோம்” என்பதும் ரத்து அல்ல, நான்காவது மாதம் பணம் எடுப்பார்கள். “அடுத்த இரண்டு மாதம் பாதி விலை, சரியா?” என்று கேட்டால் மரியாதைக்குக்கூட “சரி, பார்க்கிறேன்” என்று எழுதாதீர்கள். அது புது ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படலாம். “ஏப்ரல் 18 தேதியிட்ட என் ரத்து அறிவிப்பு அப்படியே நிற்கிறது, உறுதிப்படுத்துங்கள்” என்ற ஒரே வரியை ஒட்டுங்கள், போதும். தொலைபேசியில் அழைத்தால் பேசலாம், தவறில்லை. ஆனால் பேசி முடித்த கையோடு, “இன்று மாலை பேசியபோது ரத்தை உறுதி செய்தீர்கள்” என்று அதே தொடரில் எழுதிவிடுங்கள். எழுதாத பேச்சு கணக்கில் வராது.

ஏப்ரல் 22 வரை உறுதி வராவிட்டால் அதே தொடரில், முதல் மின்னஞ்சல் கீழே தெரியும்படி, ஒரு நினைவூட்டல் போடுங்கள். ஏப்ரல் 28 வரையும் வராவிட்டால் வங்கிக்குப் போங்கள். மே 13 வரை காத்திருக்காதீர்கள். புதுப்பிப்பு 14ஆம் தேதி என்றாலும் நிறுவனத்தின் கணினி வேறு நேர மண்டலத்தில் இருந்தால் உங்கள் ஊரில் 13ஆம் தேதியே பணம் போகலாம். வங்கிக்கும் தடையைப் பதிவு செய்யச் சில நாள் வேண்டும்.

வங்கியில் மறுபடி கார்டை மாற்றச் சொல்லாதீர்கள், அந்தப் பாதை எங்கே போகும் என்று பார்த்துவிட்டீர்கள். “இந்த வணிகருக்குக் கொடுத்த தொடர் கட்டண அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டேன், இவர் எடுக்கும் பணத்தை மட்டும் நிறுத்துங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். வணிகரின் பெயரை ஸ்டேட்மென்டில் இருக்கும் அதே எழுத்துகளில் கொடுங்கள். தடை தொகையை வைத்தா, வணிகரை வைத்தா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொகையை வைத்துப் போட்ட தடை, வரியோ விலையோ சற்று மாறினாலும் பிடிக்காமல் போய்விடும். புதுக் கார்டு விவரம் வணிகர்களுக்குப் போகும் சேவையிலிருந்து உங்கள் கார்டை விலக்க முடியுமா என்றும் கேட்கலாம், சில வங்கிகள் செய்கின்றன. ஆனால் விலக்கினால் உங்களுக்குத் தேவையான மற்ற சந்தாக்களும் அடுத்த கார்டு மாற்றத்தில் அறுந்துபோகும், யோசித்துச் செய்யுங்கள்.

இனி போன பணம். இதை ரத்து மின்னஞ்சலோடு கலக்காமல் மறுநாள் தனி மின்னஞ்சலாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், பணத்தைத் தருவதா வேண்டாமா என்ற விவாதம் முடியும் வரை ரத்தும் சேர்ந்து தேங்கும். மார்ச் 9 மின்னஞ்சலையும் டிக்கெட் எண்ணோடு வந்த பதிலையும் இணைத்து, நிறுத்தும் வழியை அன்றே கேட்டும் பதில் வராததால் இரண்டு முறை பணம் போனது என்று எழுதுங்கள். பதில் தர 10 நாள் கொடுங்கள். மார்ச் 9க்குப் பிறகு நீங்கள் ஒரு பாடம்கூடத் திறக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், வலுவான வாதம் அது. திறந்திருந்தால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். நுழைவுப் பதிவு அவர்களிடம் தேதியோடு இருக்கும், வங்கித் தகராறு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். இனிமேல் ரசீது பார்க்க அன்றி வேறு எதற்கும் உள்ளே நுழையாதீர்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், இரண்டு மாதப் பணமும் நிறுவனம் மனம்வைத்தால்தான் திரும்பும். நீங்கள் எழுதியது கேள்வி என்று அவர்கள் நின்றால் வங்கியில் இந்த இரண்டையும் வெல்வது கடினம். பதில் போடாத குற்றத்தை ஒத்துக்கொண்டு ஏப்ரல் மாதத்தையாவது தருவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு, ஏனென்றால் அவர்கள் கையில் ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் சொல்லப்படாத டிக்கெட் கிடக்கிறது.

மே 14 அன்று மறுபடி எடுத்தால் நிலைமை வேறு. அப்போது உங்களிடம் தேதியிட்ட ரத்து அறிவிப்பும், அது போய்ச் சேர்ந்ததற்கான சீட்டும், அதன் பின் எடுத்த பணமும் இருக்கும். கார்டு விதிகளில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. விசாவில் ‘ரத்து செய்யப்பட்ட தொடர் கட்டணம்’ என்ற அந்த வகையின் எண் 13.2. வங்கிப் படிவத்தில் ‘எனக்குத் தெரியாத பரிவர்த்தனை’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது மோசடிப் புகார். பல மாதம் நீங்களே கட்டி வந்த வணிகர் என்று பார்த்ததுமே தள்ளிவிடுவார்கள். தொடர் கட்டணம் ரத்துக்குப் பிறகும் எடுக்கப்பட்டது என்ற காரணத்தைச் சொல்லி இரண்டு பிடிஎஃப்களையும் இணையுங்கள். பணம் ‘நிலுவையில்’ என்று காட்டும்போது பெரும்பாலும் புகார் எடுக்க மாட்டார்கள், கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள். விசாவின் கால வரம்பு 120 நாள் என்றாலும் வங்கிகள் தங்களுக்கென்று குறைவான வரம்பு வைத்திருக்கலாம், எனவே அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். புகார் கொடுத்த பின் நிறுவனமே பணத்தைத் திருப்பினால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரே பணம் இரண்டு முறை வந்து, பின்னர் ஒன்றைப் பிடுங்கும்போது கணக்கு குழம்பும்.

ரத்து உறுதியாகி, மே, ஜூன் இரண்டு ஸ்டேட்மென்டிலும் அந்தப் பெயர் வரவில்லை என்று பார்த்த பிறகு ரசீதுகளை இறக்கிக்கொண்டு கணக்கை நீக்கச் சொல்லலாம்.